எங்கே வைக்கிற பூ? திருகோணமலைப் பூக்கடை ஒன்றின் இரண்டு பெப்ரவரி 14

என் அக்காவின் பூக்கடை திருகோணமலை நகரத்தில், பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பத்தடி அகலம், ஒரு மேசை, நாலு வாளி, ஒரு பழைய பிரிட்ஜ். வருஷம் முழுக்க அவளுக்குச் சோறு போடுவது கோயில் பூதான்: மாலை, முழம், அர்ச்சனைப் பொட்டலம். காதலர் தினம் வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஆனால் அந்த ஒரு நாளுக்கு அவள் போடுகிற முதல், இரண்டு மாதக் கோயில் பூவுக்குப் போடுகிற முதலுக்குச் சமம். அதனால்தான் 2025 இல் அது கையைச் சுட்டபோது, கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். 2026 இல் இரண்டு பேருமாகச் சேர்ந்து விற்பனையை வேறு மாதிரி அமைத்தோம். இரண்டு வருஷத்திலும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை அவளுடைய கொப்பியையும் நான் பக்கத்தில் நின்று பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் இந்த ஒரு கடையினுடையது. வேறு கடைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுக்க வேண்டாம்.

2025: இருநூற்றைம்பது சிவப்பு ரோசா

அந்த வருஷம் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அக்கா கண்டியிலுள்ள மொத்த வியாபாரியிடம் 250 சிவப்பு ரோசா சொல்லியிருந்தாள், பூ ஒன்று 200 ரூபாய். வழக்கமான நாளில் அவள் கொடுக்கிற விலையைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் எல்லா ஊர்க் கடைகளும் ஒரே பூவைத்தான் கேட்கின்றன. விலை ஏறாமல் என்ன செய்யும்?

பூப்பெட்டி இரவு பஸ்ஸில் வந்தது. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஐந்தாறு மணி நேரப் பயணம். பெட்டியைப் பின்பக்கச் சாமான் அறையில் போட்டிருந்தார்கள், அது இயந்திரத்துக்குப் பக்கம். விடிய எடுத்துத் திறந்தால் கையில் சூடு பட்டது. மேல் அடுக்கில் இருந்த பூக்கள் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன. இருபத்தாறு பூ அப்படியே போயிற்று.

கடை வாசலில் ஒரு பெரிய சிவப்பு இதயம் வெட்டி ஒட்டியிருந்தாள். அதற்குக் கீழே, கடைசி நேரத்தில் என் யோசனையின்படி, ‘காதலர்க்கும் நண்பர்க்கும் குடும்பத்தார்க்கும்’ என்று ஒரு வரி எழுதினோம். பின்லாந்தில் அந்த நாளுக்குப் பெயரே நண்பர் தினம் என்று எனக்குத் தெரியும். அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது என்று நினைத்தேன். ஆனால் வாசலில் இதயம், உள்ளே நாலு வாளியும் சிவப்பு ரோசா, அட்டைகளிலெல்லாம் காதல் வசனம். தன் தாய்க்குப் பூ வாங்க வருகிறவர் அந்த நாலு வாளியில் எதைத் தொடுவார்? அந்த வரியை நம்பி வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணலாம்.

இன்னொன்றும் நடந்தது, அது நாங்கள் எதிர்பாராதது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகிற அம்மாமார் வழக்கமாக எங்களிடம்தான் பூ எடுப்பார்கள். அன்று அவர்களில் பலர் தயங்கி நின்றுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மோட்டார் சைக்கிள்களும் இளைஞர் கூட்டமும் இதயமுமாக இருந்த வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நுழைய அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வியாபாரத்துக்காக வருஷம் முழுக்க வருகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டோம்.

கணக்கு இது. 141 பூ விற்றது, ஒன்று 400 ரூபாய்: 56,400. மிஞ்சிய 83 இல் நாற்பதை மறுநாள் நூறு ரூபாய்க்குத் தள்ளினாள்: 4,000. மொத்த வரவு 60,400. பூவுக்கு 50,000, சுற்றுத்தாள் ரிபனுக்கு 5,640, பஸ் கூலி ஓட்டோ எல்லாம் சேர்த்து 4,500, ஆகச் செலவு 60,140. மூன்று இரவு தூங்காததற்குக் கிடைத்தது 260 ரூபாய். மீதிப் பூவின் இதழ்களை உதிர்த்து அருச்சனைக்குக் கொடுத்தாள்.

“ஆருக்குத் தம்பி?”

அன்று மத்தியானம் மட்டும் கடையின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் வந்து நின்று, எதுவும் வாங்காமல் போனார்கள். விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டு பேர்தான். மற்ற ஒன்பது பேரும் போனது அக்கா கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு.

அக்கா பாசமாகத்தான் கேட்பாள்: “ஆருக்குத் தம்பி?” வேறு ஊரில் அது சாதாரணக் கேள்வி. இங்கே ஒரு பெடியன் கடைக்குள் வந்தால் அவனுடைய மாமியை அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் முழம் வாங்கிக்கொண்டு நிற்கிறவருக்கு அவனுடைய தகப்பனைத் தெரியும். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்படியே திரும்பிப் போனான். ஒரு பெண்பிள்ளை தன் கூட்டாளிக்கு வாங்க வந்தவள். “கூட்டாளிக்கு” என்று சொன்னதும் பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவள் முகம் சிவந்து, பூவை வாளியிலேயே வைத்துவிட்டாள். அவள் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். சிவப்பு ரோசாவைக் கையில் வைத்துக்கொண்டு அதை நம்ப வைப்பது கஷ்டம்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. காதலர்களுக்கும் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் தடையாக இருந்தது ஒரே இடம். காதலருக்கு யாருக்கென்று சொல்ல விருப்பமில்லை. நண்பருக்கும் மகளுக்கும் சொல்ல ஆட்சேபனை இல்லை, ஆனால் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவோமோ என்ற கூச்சம். ஆகவே ஆளுக்கு ஆள் வேறு விளம்பரம் போட வேண்டிய தேவை இல்லை. ஆளைக் கேட்காமலே சரியான பூவை எடுத்துக் கொடுக்க வழி வேண்டும்.

வழியை அக்காதான் கண்டுபிடித்தாள், அதுவும் கோயில் பூ விற்கிற பழக்கத்திலிருந்து. கோயிலுக்கு வாங்குகிறவரிடம் அவள் ஒருநாளும் யாருக்கென்று கேட்பதில்லை. “தலைக்கா, சாமிக்கா?” என்பாள். தலைக்கென்றால் நெருக்கமாகக் கட்டிய முழம், சாமிக்கென்றால் தளரக் கட்டிய மாலை. பூவின் இடம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

2026: கைக்கு, தலைக்கு, மேசைக்கு

2026 ஜனவரிக் கடைசியில் வாசல் பலகையை மாற்றினோம். இதயம் இல்லை, சிவப்பு இல்லை. பச்சைத் தாளில் வெள்ளை எழுத்து: ‘14ஆம் தேதி: எங்கே வைக்கிற பூ? கைக்கு. தலைக்கு. மேசைக்கு.’ அதற்குக் கீழே மூன்றின் விலை. அன்று எழுதிய விலை 14ஆம் தேதி இரவு வரை மாறவில்லை. நாளுக்கு நாள் விலையை ஏற்றினால் அன்றைக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சின்ன ஊரில் அதை அடுத்த ஆடிப்பூரம் வரை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கைக்கு என்றால் ஒற்றைத் தண்டு, அல்லது கையில் பிடிக்கிற சின்னப் பூச்செண்டு. தலைக்கு என்றால் மல்லிகை முழமோ, பின் குத்திய ஒற்றை ரோசாவோ. மேசைக்கு என்றால் ஒரு வாரமாவது நிற்கிற பூ, போத்தலில் போட்டு வைக்கத் தக்க மாதிரி நீளமாக வெட்டியது. ஒருவர் “கைக்கு” என்றால் அது காதலிக்காகவும் இருக்கலாம், பரீட்சை முடித்த தங்கச்சிக்காகவும் இருக்கலாம். அக்கா கேட்க மாட்டாள். நிறத்தை மட்டும் அவர்கள் கையாலேயே எடுக்கட்டும் என்று வாளிகளை வெளியே தள்ளி வைத்தாள். சிவப்பை எடுக்கிறவர் சிவப்பை எடுப்பார், மஞ்சளை எடுக்கிறவர் மஞ்சளை எடுப்பார்.

காதல் வசன அட்டைகளை நிறுத்திவிட்டு வெறும் அட்டை வைத்தோம். பக்கத்தில் ஒரு பேனை, எழுதுவதற்குத் திரும்பி நிற்க ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டு சுவரைப் பார்த்து இருந்தது முக்கியம்.

இதற்கு மேல் ஒரு சலுகை: ‘கைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று’. எந்தப் பூ வாங்கினாலும் 150 ரூபாய் வீட்டுப் பூ 80 ரூபாய்க்குக் கிடைக்கும். சும்மா கழிவு கொடுப்பதை அக்கா விரும்பவில்லை. ரோசாவிலேயே கழிவு கொடுத்தால் எங்கள் முதல் அதிகமாக மாட்டிக்கொண்டிருக்கிற பூவிலேயே இலாபத்தை வெட்டுகிறோம். வீட்டுப் பூவில் எங்கள் செலவு 50 ரூபாய்தான், அதனால் 80க்குக் கொடுத்தாலும் கைநட்டம் இல்லை. வாங்குகிறவருக்கோ அது வேறொரு உதவியும் செய்தது. மத்தியானம் கடற்கரையில் ஒருத்திக்கு ரோசா கொடுத்த பெடியன், பின்னேரம் தாயின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழையலாம்.

வீட்டுப் பூ என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். என் எண்ணம் மல்லிகை. அக்கா தலையை ஆட்டினாள். தை, மாசியில் மல்லிகை மொட்டு குறைவு, வெயில் ஏறி பங்குனிக்குப் பிறகுதான் கொத்துக் கொத்தாக வரும். அந்த மாதத்தில் மல்லிகையைச் சலுகைக்குக் கொடுத்தால் முழம் சின்னதாகிவிடும், இல்லாவிட்டால் கைக்காசு போகும். நல்ல காலம், 2026 இல் காதலர் தினம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு மகா சிவராத்திரி. திருக்கோணேச்சரத்துக்கு ஊரே ஏறுகிற இரவு அது. ஆகவே வீட்டுப் பூ வில்வப் பொட்டலம் ஆயிற்று: ஒரு கைப்பிடி வில்வ இலை, நந்தியாவட்டை, கொஞ்சம் எருக்கம் பூ, வாழையிலையில் மடித்து நூல் சுற்றியது. செவ்வரத்தையை வைக்கவில்லை, அது ஒரு நாள் பூ. சனி பின்னேரம் கொடுத்தால் ஞாயிறு பூசைக்குச் சுருண்டுவிடும். தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்பதை எனக்கு அக்கா சொல்ல வேண்டியிருந்தது. சைவர் அல்லாதவர்களுக்கு அதே விலைக்கு இரண்டு தண்டு செவ்வந்தி.

என்ன பூ, எவ்வளவு

பலகையை மாற்றியதைவிட முக்கியம் கொள்முதலை மாற்றியது. 2025 இல் முழு முதலும் 15ஆம் தேதி காலையில் மதிப்பிழந்து போகிற பூவில் கிடந்தது. சிவப்பு ரோசா 14ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு 400 ரூபாய், மறுநாள் காலை நூறு. அதே வாளியில் நிற்கிற அந்தூரியத்துக்குத் தேதி தெரியாது. தண்ணீர் மாற்றினால் இரண்டு வாரம் நிற்கும். 15ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஒரே விலை. நண்பருக்கும் வீட்டாருக்கும் விற்பதன் உண்மையான வியாபாரப் பலன் இதுதான்: கூட ஆட்கள் வருவதைவிட, மிஞ்சினால் நட்டமாகாத பூவை வாங்கி வைக்க முடிகிறது.

ஆகவே சிவப்பு ரோசாவை 120க்குக் குறைத்தாள், ஒன்று 230 ரூபாய். மஞ்சளும் ஊதாவும் கலந்த செவ்வந்தி 150, அந்தூரியம் 80, ஒர்கிட் 40 கொத்து, ஜெர்பரா 60. எல்லாப் பூவுக்குமாக 53,400 ரூபாய். போன வருஷப் பூச் செலவுக்கு மேலே 3,400தான்.

வெள்ளைச் செவ்வந்தியை அக்கா கடைசி நேரத்தில் வெட்டினாள். எனக்கு அது பெரியவர்களுக்கு ஏற்ற அமைதியான நிறமாகப் பட்டது. ஆனால் எங்கள் ஊரில் வெள்ளைச் செவ்வந்தியைக் கட்டாகப் பார்த்தால் மலர்வளையம்தான் ஞாபகம் வரும். நம் நாட்டில் மலர்ச்சாலை என்றாலே சாவீட்டுக் காரியம் பார்க்கிற இடம். ஒரு தாய்க்கு வெள்ளைக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று அக்கா கேட்டாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை அடித்துப் போட்டிருந்ததால் பூ வருமா என்ற பயம் ஜனவரி முழுக்க இருந்தது. அதனால் இரண்டு வியாபாரிகளிடம் பிரித்துச் சொன்னோம். முற்பதிவை 11ஆம் தேதி புதன் இரவோடு மூடினோம், பாதிக் காசு முன்பணம். புதன் இரவு எண்ணிக்கை தெரிந்தால்தான் வியாழன் அங்கே வெட்டி, வெள்ளி விடிய இங்கே இறக்கலாம். முற்பதிவில் பெயர் எழுதவில்லை, இலக்கம் மட்டும். பொதியின் வெளிப்பக்கத்திலும் இலக்கம்தான்.

பெட்டியைச் சாமான் அறையில் போடாமல் பயணிகள் பக்கத்தில், கடைசி இருக்கைக்குக் கீழே வைக்க நடத்துநரோடு முன்கூட்டியே பேசிக்கொண்டோம். ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஈரக் கடதாசி சுற்றிய தண்ணீர்ப் போத்தல் ஐஸ் இரண்டு. ஐஸ் பூவில் படக்கூடாது, பட்ட இதழ் கறுக்கும்.

வந்த பூவை என்ன செய்ய வேண்டும்

வெள்ளி காலை ஐந்தரைக்குப் பெட்டி கைக்கு வந்தது. இந்த வருஷமும் பத்துப் பதினைந்து ரோசா கழுத்துச் சாய்ந்துதான் இருந்தது. போன வருஷம் அவற்றை ஒதுக்கி எறிந்தோம். அது பிழை என்று இப்போது தெரிகிறது.

ரோசா கழுத்துச் சாய்வது பெரும்பாலும் வாடுவதால் அல்ல, தண்டுக்குள் தண்ணீர் ஏறாததால். வெட்டிய முனை காய்ந்தவுடன் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துவிடுகிறது. அக்கா ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஒரு அங்குலம் சாய்வாக வெட்டினாள். தண்ணீருக்குள் வெட்டினால் புது வெட்டில் காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏறும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், அதனால் கூரான கத்தி. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிற இலையெல்லாம் உருவிவிட வேண்டும், விட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பிறகு பத்துப் பத்தாகப் பழைய பத்திரிகையில் இறுக்கச் சுற்றி, தலை நேராக நிற்கும்படி, கழுத்து வரை தண்ணீரில் நிழலில் நிறுத்தினாள். பத்திரிகை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஏறும்போது பூ நேராகவே விறைக்கும்.

மூன்று மணி நேரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். எழும்பின பூ நல்ல பூ, விற்கலாம். எழும்பாமல், தண்டின் அடியைத் தொட்டால் வழுக்கினால் அது உள்ளே அழுகி அடைத்தது, இனிச் சரிவராது. 2026 இல் அப்படிக் கழித்தது ஒன்பது பூதான்.

ஜெர்பராவை இப்படி ஆழத் தண்ணீரில் வைக்கவே கூடாது. அதன் தண்டு மென்மையானது, உரோமமும் உண்டு, இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். அப்புறம் பிரிட்ஜ். அதில்தான் எங்கள் பெரிய இழப்பு நடந்தது. உதவிக்கு வைத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி, நல்ல எண்ணத்தோடு, வெள்ளி இரவு பதினாலு அந்தூரியத்தைத் தூக்கி ரோசாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்துவிட்டாள். ரோசாவுக்குக் குளிர் பிடிக்கும். அந்தூரியமும் ஒர்கிட்டும் சூட்டு நாட்டுப் பூ, குளிரில் வெந்தது போலாகிவிடும். காலையில் எடுத்தபோது சிவப்பு மடல்கள் ஓரத்தில் நீலம் பாரித்து, பத்து மணிக்குள் கறுத்தன. பிள்ளை அழுதாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை, பிழை எங்களுடையது. இப்போது பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது: ரோசா, செவ்வந்தி மட்டும். பழம் வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பழுக்கிற வாழைப்பழம் விடுகிற வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைக்கும்.

யார் எப்போது வந்தார்கள்

ஒரே நாள் கூட்டம் என்று நினைத்திருந்தோம். மூன்று அலையாக வந்தது. கூட்டாளிகளுக்கு வாங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள், ஏனென்றால் சனிக்கிழமை கந்தோர் இல்லை, ஆளை ஆள் பார்க்கப் போவதில்லை. ஒரு கந்தோரிலிருந்து ஏழு பேர் ஆளுக்கொரு ஜெர்பரா வாங்கிப் போனார்கள். வெள்ளிக்கு நாங்கள் ஆள் போடவில்லை, அக்கா தனியாக நின்று திண்டாடினாள்.

காதலர்கள் சனி காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் இரண்டு வரை. முற்பதிவு செய்தவர்கள் இலக்கத்தைச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். பூச்செண்டில் கம்பியும் ஊசியும் போடுவதை அன்றே நிறுத்தினோம். கோட்டை வாசல் பக்கம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செருகி வைத்த பூச்செண்டை மான் இழுத்துத் தின்றுவிட்டது என்று வந்து சொன்னார். அவருக்கு இன்னொன்று கட்டிக் கொடுத்தோம், ஆனால் அந்த மானின் வயிற்றுக்குள் எங்கள் கம்பி போயிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது சணல் நூல்தான்.

வீட்டாருக்கு வாங்குகிறவர்கள் நாலு மணிக்குப் பிறகு, வேலை முடித்துப் போகிற வழியில். அவர்களில் ஒரு பிள்ளையை மறக்க முடியாது. இருபத்தைந்து வயதிருக்கும். அக்கா “எங்க வைக்கிற பூ, பிள்ளை?” என்று கேட்டாள். அவள் கொஞ்ச நேரம் மல்லிகையைப் பார்த்தாள். பிறகு, “மேசைக்கு. அம்மா சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சின்ன மேசை இருக்கு” என்றாள். மஞ்சள் செவ்வந்தி மூன்று, ஒரு அந்தூரியம் எடுத்தாள். காசு கொடுக்கும்போது தானாகவே சொன்னாள்: “அப்பா போன பிறகு அம்மா பூவே தொட்டதில்லை, அக்கா. தலைக்கு வாங்கிக் கொடுத்தா அழுவா. இது மேசையில தானே.” அக்கா எதுவும் சொல்லவில்லை, நாலாவது செவ்வந்தி ஒன்றைச் செருகிக் கொடுத்தாள்.

கணவனை இழந்த தாய்மார் நிறைந்த மாகாணம் இது. “அம்மாவுக்கா? அப்ப மல்லிகை எடுங்கோ” என்று வாய் தவறிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்! மேசை என்ற ஒரு சொல் அவளுக்கு வழி திறந்துவிட்டது. இதை நாங்கள் திட்டமிடவில்லை. ஆனால் இந்த ஒன்றுக்காகவே அக்கா இனி “ஆருக்கு” என்று கேட்க மாட்டாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கட்டளைகள்

பதினொரு கட்டளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தன, எல்லாம் இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கு. காசை உறவினர் யாராவது வங்கியில் போட்டுவிடுவார்கள். இதில் சிக்கல் நேரத்தில். டொரொண்டோ எங்களுக்குப் பத்தரை மணி நேரம் பின்னே. அங்கே ஒருவர் 14ஆம் தேதி காலை எட்டு மணிக்கு எழும்பி ‘இண்டைக்குக் குடுங்கோ’ என்று எழுதினால், இங்கே மாலை ஆறரை. அப்படி வந்த மூன்றையும் அக்கா மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டாள். ஞாயிறு கொண்டுபோனால் ஒரு வீட்டில் யாரும் இல்லை, அம்மா சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டார். பூவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். திங்கள் காலை அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, விடிய விடிய முழித்துவிட்டு வந்து பார்த்தேன் பிள்ளை, அவன் இருக்கிற மாதிரியே இருந்தது என்று சொன்னார். இரவு முழுக்கத் தண்ணீரில்லாமல் ரெஜிபோம் பெட்டியில் கிடந்த அந்த ஒர்கிட் வாடாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ரோசாவாக இருந்திருந்தால் வேறு கதை. இனி வெளிநாட்டுக் கட்டளைக்குக் கடைசி நேரம் 13ஆம் தேதி மத்தியானம் பன்னிரண்டு, இலங்கை நேரம் என்று எழுதியே போடுவாள்.

கணக்கும் அதன் எல்லையும்

மூன்று நாளிலும் 163 பேர் வாங்கினார்கள். நான் கோடு போட்டு எண்ணினேன்: கைக்கு 96, மேசைக்கு 52, தலைக்கு 15. வீட்டுப் பூவை எடுத்துக்கொண்டவர்கள் 74 பேர்.

ரோசா 111 விற்றது, ஒன்று 450 ரூபாய்: 49,950. மற்றப் பூக்கள் ஞாயிறு இரவு வரை 47,300. வீட்டுப் பூ 5,920. மொத்தம் 103,170. செலவு, பூ 53,400, வீட்டுப் பூ 4,500, போக்குவரத்து 5,500, சுற்றுத்தாள் 6,000, இரண்டு பிள்ளைகளுக்கும் சம்பளம் 6,000, ஆக 75,400. மிச்சம் 27,770. மல்லிகையையும் வழக்கமான கோயில் பூவையும் இதில் சேர்க்கவில்லை, அது தனிக் கொப்பி. மிஞ்சிய அந்தூரியமும் ஒர்கிட்டும் அடுத்த வாரத்தில் விலை குறையாமலே போயின.

இந்த வித்தியாசம் முழுவதையும் பலகையில் எழுதிய கேள்விக்குக் கொடுக்க நான் தயாரில்லை. பெரிய பங்கு கொள்முதலுக்கு உரியது: 2025 இல் 109 பூ வீணாகவோ அரைவாசிக்கும் கீழாகவோ போயிற்று, 2026 இல் ஒன்பது ரோசாவும் பதினாலு அந்தூரியமும். சிவராத்திரியின் நேரடிப் பங்கு சின்னது, வீட்டுப் பூவில் கிடைத்த இலாபம் 1,420 ரூபாய்தான். ஆனால் அது வாசலுக்குக் கொண்டுவந்த ஆட்களை நான் எண்ணவில்லை. கோயிலுக்குப் போகிற அம்மாமார் இந்த முறை தயங்காமல் உள்ளே வந்தார்கள். அவர்களில் சிலர் ‘மேசைக்கு’ என்று கேட்டு வாங்கியதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

2027 இல் 14ஆம் தேதி ஞாயிறு. சிவராத்திரி மார்ச்சுக்குப் போய்விடும், வில்வப் பொட்டலம் எடுபடாது. நோன்பு மாதமும் அந்த நாட்களில்தான் வரப்போகிறது, முஸ்லிம் வாடிக்கையாளர்கள் நோன்பு துறந்த பிறகே கடைக்கு வருவார்கள், ஆகவே இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும். கூட்டாளிகளுக்கான கூட்டம் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரும், அன்றைக்கே இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். வீட்டுப் பூவுக்குப் பதிலாகச் சின்னப் பையில் வேர் விட்ட நந்தியாவட்டைக் கன்று கொடுக்கலாமா என்று அக்கா யோசிக்கிறாள். மழைக்காலத்தில் தடி நட்டால் பெப்ரவரிக்குள் பிடித்துவிடும் என்கிறாள். முதல் முப்பது பையில் மண் நிரப்பி, கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறாள்.